நேர்முகத்துக்கு வெப்கேம் மாத்தணுமா, மைக் மாத்தணுமா?

மூணாவது மாடி | 2025 மே 12, திங்கள், காலை 9:40

வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு இரண்டாவது சுற்று நேர்முகம், ஜூமில். முதல் சுற்றில் கேட்டவர் இரண்டு தடவை "கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு" என்றார். படமும் மங்கலாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். லேப்டாப் நாலு வருடப் பழசு, கேமரா 720p. காதில் ப்ளூடூத் பட்ஸ். நாலாயிரம் ரூபாய்க்கு 1080p வெப்கேம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அதில் மைக்கும் இருக்கிறது. இன்று ஆர்டர் போட்டால் புதன் வந்துவிடும். போடலாமா?

ராயபுரம் ராக்கெட் | மே 12, காலை 10:05

1080p எதுக்குப்பா, 4K-வே போடு. போட்ட காசு வீணாகாது. கேமரா நல்லா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. சவுண்டுக்கு, உன் பட்ஸ்ல எத்தனை மைக்னு பாரு. நாலு மைக் இருக்கற மாடல் வாங்கினா ஃபேன் சத்தம், ஆட்டோ ஹாரன் எதுவும் போகாது.

ஒலிப்பெட்டி | மே 12, காலை 11:30

தம்பி, ஆர்டர் போட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். "கிணத்துக்குள்ள" என்று ஒருவர் சொன்னால் அது கேமராவின் குறை இல்லை, மைக்கின் தரமும் பெரும்பாலும் இல்லை. வாய்க்கும் மைக்குக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் அங்கே பேசுகிறது. அந்த வெப்கேமை வாங்கி மானிட்டர் மேல் மாட்டினால் அதன் மைக்கும் இரண்டடி தள்ளித்தான் இருக்கும். அதே கிணறுதான்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். பட்ஸ் காதில் இருந்தாலும் ஜூம் எந்த மைக்கை எடுத்துக்கொண்டது? லேப்டாப் மைக்கையா, பட்ஸ் மைக்கையா? ஜூமில் மைக் படத்துக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள், டிக் எதன்மேல் இருக்கிறது என்று. அறை எப்படிப்பட்டது என்றும் சொல்லுங்கள்: அளவு, தரை, கட்டில், ஜன்னல், ஃபேன், விளக்கு எங்கே.

மூணாவது மாடி | மே 12, மதியம் 1:15

பார்த்தேன் சார். டிக் லேப்டாப்பின் சொந்த மைக்கில் இருக்கிறது. பட்ஸில் கேட்டுக்கொண்டு, லேப்டாப்பில் பேசியிருக்கிறேன்.

அறை பத்துக்குப் பத்து, வேளச்சேரி. தரை விட்ரிஃபைட் டைல்ஸ். மேஜை மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது, அந்தச் சுவரின் இடது பக்கம் ஜன்னல். முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், அதில் ட்யூப் லைட். கட்டிலும் இரும்பு பீரோவும் வலது பக்கம். நடுவில் ஃபேன், அது இல்லாமல் மே மாதத்தில் உட்கார முடியாது. ஏசி கிடையாது. மைக் என்றால் பட்ஸ் மைக்கை மாற்றித் தேர்ந்தெடுத்தால் போதுமா?

ராயபுரம் ராக்கெட் | மே 12, மதியம் 1:22

அதான் சொல்றேனே. பட்ஸ் மைக்கை செலக்ட் பண்ணு. வாய்க்குப் பக்கத்துல வந்துடும்ல. ரூம்ல முட்டை அட்டை ஒட்டு, எக்கோ போயிடும்.

ஒலிப்பெட்டி | மே 12, மாலை 6:50

ராக்கெட் சொல்வதில் பாதி சரி: மைக் பக்கத்தில் வர வேண்டும். ஆனால் பட்ஸின் வழியில் வேறு ஒரு தடை இருக்கிறது.

பாட்டு கேட்கும்போது ப்ளூடூத் ஒரு வழியில் ஓடுகிறது. பட்ஸின் மைக்கைத் திறந்த அந்த நொடியே அது தொலைபேசிக்கென்று செய்த வேறொரு வழிக்கு மாறிவிடும். பழைய முறையில் ஒலியை நொடிக்கு 8,000 மாதிரி எடுத்து அனுப்பும், கொஞ்சம் புதியதில் 16,000. முதலாவதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எதுவும் போகாது. ஸ, ஃப போன்ற ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. கேட்பவருக்கு எஃப் என்றதும் எஸ் என்றதும் ஒன்றாகவே விழும். உங்களுக்குக் கேட்கும் குரலும் அதே நேரத்தில் தகரடப்பா ஆகிவிடும், ஏனென்றால் வழி இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் மாறுகிறது. விண்டோஸ் 10-இல் பட்ஸ் பெயரோடு `Hands-Free` என்று தனியாக ஒன்று தெரியும், அதுதான் இது. பட்ஸில் நாலு மைக் இருக்கட்டும், எட்டு இருக்கட்டும், வெளியே போகும் குழாய் இவ்வளவுதான்.

புதிய வகை ப்ளூடூத்தில் இந்தத் தடை குறைகிறது. ஆனால் லேப்டாப், பட்ஸ் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். நாலு வருட லேப்டாப்பில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி தூரக் கணக்கு. அறையில் சுவரில் பட்டு வரும் எதிரொலி, மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். வாயிலிருந்து நேராக வரும் குரல் மட்டும் தூரம் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல் கூடும். லேப்டாப் மைக் இரண்டடியில் இருக்கிறது. ஆறு அங்குலத்துக்குக் கொண்டு வந்தால் தூரம் நாலில் ஒரு பங்கு, குரல் 12 டெசிபல் கூடுகிறது. குரல் கூடிய அளவுக்கு மைக் அளவைக் குறைத்துவிடலாம். அப்போது எதிரொலியும் ஃபேன் இரைச்சலும் அதே 12 டெசிபல் கீழே போய்விடும். எந்த விலையுள்ள மைக்கும் இரண்டடியில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்யாது.

அதனால், ஒயர் இயர்போன் ஒன்று வேண்டும். போனோடு முன்பெல்லாம் வருமே, ஒயரில் சின்ன மைக் உள்ளது, அதுவே போதும். வீட்டு டிராயரில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ரிச்சி தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் அது வெறும் ஹெட்போன், மைக் கிடையாது.

ஒலிப்பெட்டி | மே 12, மாலை 7:05

முட்டை அட்டையை மறந்துவிட்டேன். அது மெல்லிய காகிதக் கூழ். மேல் ஸ்தாயி ஒலியைச் சிதறடிக்கும், பேச்சின் அடிப்பாகத்தை ஒன்றும் செய்யாது. வேண்டாம்.

ராயபுரம் ராக்கெட் | மே 12, இரவு 8:10

இன்டர்வியூவுல ஒயர் தொங்கினா அசிங்கமா இருக்காதா அண்ணே? பட்ஸ்னா கண்ணுக்கே தெரியாது.

வெளிச்சம் | மே 12, இரவு 9:00

ஒயர் தெரிவதை யாரும் கவனிப்பதில்லை. "மறுபடி சொல்லுங்கள்" என்று மூன்று தடவை கேட்க வைப்பதைத்தான் கவனிப்பார்கள். அப்படியும் உறுத்தினால் ஒயரைச் சட்டைக்குப் பின்னால் விட்டு, மைக் உள்ள இடத்தை மட்டும் காலருக்குக் கீழே வெளியே எடுத்து, சின்ன துணி க்ளிப்பால் பிடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: காலருக்கு உள்ளே போனால் துணி உரசும் சத்தம் ஒவ்வொரு அசைவிலும் கேட்கும். துப்பட்டா, சங்கிலி, தாடி மூன்றும் அதே தொல்லை.

விளக்கைப் பற்றி நாளை எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: மூணாவது மாடி, அந்த முதுகுக்குப் பின்னால் உள்ள ட்யூப் லைட்டை வெள்ளிக்கிழமை போடாதீர்கள்.

அடையாறு வீணை | மே 13, செவ்வாய், காலை 7:20

வணக்கம். நான் ஆன்லைனில் வீணை சொல்லிக் கொடுக்கிறேன். இதே ஜூம்தான். மீட்டினால் முதல் நொடி கேட்கிறது, பிறகு ஸ்வரம் தேய்ந்து மறைந்துவிடுகிறது என்று மாணவிகள் சொல்கிறார்கள். சுருதிப் பெட்டி கேட்பதே இல்லையாம். நல்ல மைக்தான், பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். இதுவும் தூரப் பிரச்சினைதானா?

ஒலிப்பெட்டி | மே 13, காலை 8:45

இல்லை அம்மா, உங்களுடையது முற்றிலும் வேறு. ஜூமின் இரைச்சல் நீக்கி, மாறாமல் ஒரே சீராக ஓடும் ஒலியை ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. சுருதிப் பெட்டி அதன் கண்ணில் ஃபேன்தான். வீணையின் நீண்ட கார்வையும் அப்படியே. ஜூம் ஆடியோ அமைப்பில் `Original sound for musicians` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் கூட்டத் திரையின் மேலே அது இயங்குகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். எதிரொலி நீக்கியையும் அணைத்தால் வீணை இன்னும் முழுதாகப் போகும், ஆனால் அப்போது நீங்கள் கட்டாயம் ஹெட்போனில்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவியின் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வந்து மைக்கில் ஏறி அவருக்கே திரும்பிப் போகும்.

மாணவி வாசிப்பது உங்களுக்குச் சரியாகக் கேட்க வேண்டுமென்றால் அவர் பக்கத்திலும் இதையே செய்ய வேண்டும். உங்கள் பக்க அமைப்பு உங்கள் ஒலியை மட்டும்தான் மாற்றும்.

நேர்முகத்துக்கு இதைச் செய்யாதீர்கள் மூணாவது மாடி. உங்களுக்கு அந்த நீக்கி வேண்டும், ஃபேன் ஓடுகிறதே.

அடையாறு வீணை | மே 13, காலை 8:58

மிக்க நன்றி. மிருதங்கம் வைத்துக்கொண்டால் முதல் அடியே வெடிக்கிறது. அதையும் ஒரு நாள் கேட்கிறேன்.

வெளிச்சம் | மே 13, மாலை 5:30

இப்போது படம்.

4K வாங்கினாலும் எதிரில் இருப்பவர் பார்ப்பது பெரும்பாலும் 720p அல்லது அதற்கும் கீழே. ஜூம், மீட் எல்லாமே இணைய வேகத்துக்குத் தகுந்தபடி படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. அதனால் உங்கள் பழைய கேமராவின் 720p ஒரு குறையே இல்லை. மங்கலுக்குக் காரணம் வெளிச்சம் போதாமைதான்.

வெளிச்சம் குறைந்தால் கேமரா இரண்டு வேலை செய்யும். ஒன்று, ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 30 படம் எடுத்தது 15-க்கு இறங்கிவிடும், கை அசைத்தால் இழுபடும். இரண்டு, மிச்சத்தை மின்சாரத்தால் பெருக்கும். அதனால்தான் கன்னத்திலும் சுவரிலும் பொடிப் பொடியாக எறும்பு ஊர்வது போல் ஒரு நடுக்கம் தெரிகிறது. அந்த நடுக்கம் ஒவ்வொரு படத்திலும் மாறுவதால் ஜூம் சுருக்கும்போது அதற்கே இடம் போய்விடுகிறது, முகத்துக்கு மிச்சமில்லை. படம் தெளிவில்லை என்று தோன்றினால் முதலில் கையை ஆட்டிப் பாருங்கள். வால் இழுத்தால் அது விளக்குப் பிரச்சினை, கேமரா இல்லை.

அடுத்தது உங்கள் பின்சுவர். வெள்ளைச் சுவர், அதில் எரியும் ட்யூப் லைட். கேமரா சட்டத்துக்குள் உள்ள மொத்த வெளிச்சத்தைப் பார்த்து ஒரு நடுத்தர அளவுக்கு இறக்கும். சுவர் ஒளிர்கிறது, அதனால் முகம் இருண்டுவிடுகிறது. நம்மில் பலருக்கும் மாநிறமோ கறுப்போ தோல் நிறம், அதனால் இந்த இருட்டு நமக்கு இரண்டு மடங்காகத் தெரியும். வெள்ளைச் சட்டையும் இதே வேலையைச் செய்யும். நீலமோ, பச்சையோ, சாம்பலோ போடுங்கள். பின்னால் நடுத்தர நிறத்தில் ஏதாவது இருக்கட்டும்.

வெளிச்சம் | மே 13, மாலை 5:52

உங்கள் அறைக்கே சொல்கிறேன். ஜன்னல் மேற்கே, நேரம் மூன்று மணி, மே மாதம். மேஜையை அதே சுவரில் இடது பக்கம் நகர்த்தி ஜன்னலுக்கு நேர் எதிரே உட்காருங்கள். அப்படியே விட்டால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், பாதி முகம் வெளுத்து மூக்கின் நிழல் கரிக்கோடாக விழும், கண்ணும் கூசும். அதனால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பில் கட்டுங்கள். ஜன்னல் முழுக்க ஒரு பெரிய மெல்லிய விளக்காகிவிடும். சரிகைக்கரை உள்ளது வேண்டாம், அந்தக் கரை நிறம் கன்னத்தில் விழும்.

மூன்று மணிக்கு மேகம் மூடினால் என்ன செய்வது என்று ஒரு மாற்று வேண்டும். 9 வாட் வெள்ளை எல்இடி பல்பு உள்ள மேஜை விளக்கு ஒன்றை லேப்டாப்புக்குப் பக்கவாட்டில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, முன்சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். பல்பு முகத்தைப் பார்க்கக் கூடாது, சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். கண்ணாடி போடுபவரா நீங்கள்? அப்படியென்றால் விளக்கு இன்னும் ஒரு சாண் மேலே போகட்டும். வட்ட விளக்கு வாங்கவே வேண்டாம், கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையம் நிற்கும்.

கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். லேப்டாப்புக்கு அடியில் பழைய கைடுகள் நாலைந்து அடுக்கினால் போதும். லென்ஸை மெத்தென்ற பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய் இருந்தால் ஜன்னல் வெளிச்சம் பனிமூட்டமாகப் பரவும். "கேமரா மங்கல்" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் மருந்து.

பெங்குவின்தாசன் | மே 13, இரவு 10:15

எனக்கு வேறு மாதிரி. உபுண்டு, யுஎஸ்பி வெப்கேம். ராத்திரி ட்யூப் லைட் போட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே மெதுவாக நகர்கின்றன. பகலில் இல்லை. கேமரா போய்விட்டதா?

வெளிச்சம் | மே 14, புதன், காலை 6:40

போகவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப் லைட்டும் பல மலிவு எல்இடிகளும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கேமரா 60 ஹெர்ட்ஸ் ஊருக்கென்று அமைந்திருந்தால் அதன் திறப்பு நேரமும் மினுக்கும் பொருந்தாமல் பட்டை நகரும். சூரியன் மினுக்காது, அதனால் பகலில் இல்லை. `v4l-utils` தொகுப்பை நிறுவிவிட்டு இதைப் போடுங்கள், 1 என்றால் 50 ஹெர்ட்ஸ்:

```
v4l2-ctl -d /dev/video0 --list-ctrls
v4l2-ctl -d /dev/video0 -c power_line_frequency=1
```

முதல் வரி, உங்கள் கேமராவில் அந்த அமைப்பு இருக்கிறதா என்று காட்டும். கேமராவைக் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும், அப்போது மறுபடி போட வேண்டும். விண்டோஸில் கேமரா செயலியின் அமைப்புகளில் `Flicker reduction` என்று இருக்கும், அதில் 50 ஹெர்ட்ஸ்.

இன்னொன்று, எல்லாருக்கும். ஃபேன் இறக்கைக்கு மேலே, கூரையில் விளக்கு இருந்தால் இறக்கை அதை வெட்டி வெட்டி முகம் துடிக்கும். எந்த அமைப்பும் அதைச் சரிசெய்யாது. அந்த விளக்கை அணைக்க வேண்டியதுதான்.

மூணாவது மாடி | மே 14, காலை 9:10

இயர்போன் கிடைத்துவிட்டது, மூன்று வளையம் உள்ளதே. மாட்டினேன். காதில் கேட்கிறது, ஆனால் மைக் பட்டியலில் வரவே இல்லை. பழைய லேப்டாப் மைக் மட்டும்தான் காட்டுகிறது.

ஒலிப்பெட்டி | மே 14, காலை 9:35

மாட்டியவுடன் திரையில் "என்ன மாட்டினீர்கள்" என்று ஒரு சின்னப் பெட்டி வந்து போயிருக்கும். அதில் ஹெட்போன் என்று அழுத்தியிருந்தாலும், அதை மூடியிருந்தாலும் மைக் வராது. கழற்றி மறுபடி மாட்டுங்கள், ஹெட்செட் என்று தேர்ந்தெடுங்கள். பெட்டியே வரவில்லையென்றால் பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள்.

துளைக்குப் பக்கத்தில் என்ன படம் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ஹெட்போனோடு மைக் சேர்ந்த படம் என்றால் சரி. மைக் தனி, ஹெட்போன் தனி என்று இரண்டு துளை இருந்தால் இரண்டாகப் பிரியும் ஒய் ஒயர் ஒன்று வேண்டும்.

மூணாவது மாடி | மே 14, காலை 9:50

ஹெட்செட் அழுத்தினேன், வந்துவிட்டது! ஆனால் பதிவு செய்து கேட்டால் பின்னணியில் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல்.

ஒலிப்பெட்டி | மே 14, காலை 10:20

அது ஃபேனா, மின் இரைச்சலா என்று பிரியுங்கள். ஃபேனை நிறுத்தி ஐந்து விநாடி பதிவு செய்யுங்கள். உஸ் அப்படியே இருந்தால் மைக்கைத் தேவைக்கு மேல் பெருக்கியிருக்கிறது. விண்டோஸ் விசையோடு R அழுத்தி `mmsys.cpl` என்று அடியுங்கள். பதிவுப் பக்கத்தில் அந்த மைக்கை இரண்டு தடவை அழுத்தி, அளவுப் பக்கத்துக்குப் போங்கள். `Microphone Boost` 20 அல்லது 30 டெசிபலில் நிற்கும். அதை 10-க்கு இறக்குங்கள், தேவைப்பட்டால் பூஜ்ஜியம். பிறகு மேல் கோட்டை ஏற்றுங்கள். நீங்கள் வழக்கமாகப் பேசும் குரலில் ஆடும் கோடு முக்கால்வாசியைத் தாண்டக் கூடாது, சிரித்தால் கூட உச்சியைத் தொடக் கூடாது.

பவர் ஒயரைக் கழற்றிப் பேட்டரியில் ஒரு தடவை கேளுங்கள். 'ம்ம்ம்' என்று தடித்த ரீங்காரம் அதில் மறைந்தால் சார்ஜர் வழியாக வருகிறது. நேர்முகத்துக்கு முன் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு பேட்டரியிலேயே பேசுங்கள்.

மூணாவது மாடி | மே 14, இரவு 8:30

பூஸ்ட் 30-இல் இருந்தது. 10-க்கு இறக்கினேன், உஸ் போய்விட்டது. ஃபேன் இரைச்சல் லேசாக இருக்கிறது. 'ப' வரும் இடத்தில் மட்டும் 'புஃப்' என்று காற்று அடிக்கிறது.

ஒலிப்பெட்டி | மே 14, இரவு 9:15

மைக் வாய்க்கு நேரே இருக்கிறது. வாயோரத்துக்கு ஒதுக்குங்கள், அல்லது தாடைக்குக் கீழே நாலு விரல் தள்ளி நெஞ்சுப் பக்கம் இறக்குங்கள். காற்று நேரே போய்விடும், ஒலி எல்லாப் பக்கமும் போகும்.

ஃபேனில் இரண்டு தனித்தனித் தொல்லை. ஒன்று அதன் இரைச்சல், அதை ஜூம் நன்றாகவே நீக்கும், சீராக இருக்கிறதே. இன்னொன்று காற்று மைக்கின் துளையில் மோதுவது. அது 'படபட' என்று ஒழுங்கில்லாமல் வரும், நீக்கிக்குப் பிடிபடாது. மைக் துளைமேல் இயர்போனின் பஞ்சு உறையை ஒற்றை அடுக்காகச் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். மேஜை இப்போது ஜன்னல் பக்கம் போனதால் ஃபேனுக்கு நேர் கீழே இல்லை, அதுவே பாதித் தீர்வு. ரெகுலேட்டர் இரண்டில் இருக்கட்டும்.

அறை: கம்பளியோ ரஜாயோ இருந்தால் உங்கள் முன்சுவரில், ஜன்னலுக்கு வலது பக்கம் மேஜை இருந்த வெற்றிடத்தில் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். சுவரை ஒட்டி அல்ல, ஒரு சாண் தள்ளி. இடைவெளி இருந்தால் தடித்த ஒலியையும் கொஞ்சம் விழுங்கும். முன்சுவரில் இருப்பதால் கேமராவுக்கும் தெரியாது. தரையில் ஜமக்காளம். பீரோ கதவைத் திறந்துவைத்தால் துணிகள் ஒலியை உறிஞ்சும், ஆனால் சட்டத்துக்குள் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டி வெளிச்சத்துக்கு மட்டும்தான், ஒலிக்கு அது இல்லாதது போலத்தான்.

ராயபுரம் ராக்கெட் | மே 14, இரவு 9:40

லேப்டாப் கம்பெனி ஆப் ஒண்ணு நாய்ஸ் கேன்சல் தருது, ஜூம்ல ஒண்ணு இருக்கு. ரெண்டையும் போட்டா டபுள் க்ளீன் ஆகும்ல?

ஒலிப்பெட்டி | மே 14, இரவு 10:00

ஆகாது. முதலாவது நறுக்கியதை இரண்டாவது மறுபடி நறுக்கும். சொல்லின் கடைசி எழுத்துகள் விழுங்கப்படும், குரல் தண்ணீருக்குள் இருப்பது போல் நெளியும். ஒன்றை மட்டும் வையுங்கள். ஜூமில் உள்ளதை வைத்துக்கொண்டு லேப்டாப் செயலியில் உள்ளதை அணைப்பேன் நான்.

பெங்குவின்தாசன் | மே 14, இரவு 10:20

இதில் எனக்கு உடன்பாடில்லை. லேப்டாப் பக்கத்தில் நீக்கினால் எல்லாச் செயலிக்கும் ஒரே மாதிரி போகும், மீட், டீம்ஸ் என்று மாறி மாறிப் பேசுபவர்களுக்கு அதுதான் வசதி. ஜூமில் உள்ளதைக் குறைந்த அளவில் வைத்தால் போதும். பட்டை போய்விட்டது வெளிச்சம் மேடம், நன்றி.

ஒலிப்பெட்டி | மே 14, இரவு 10:31

அதுவும் நடக்கும், லேப்டாப் செயலியின் தரம் நன்றாக இருந்தால். மாடலுக்கு மாடல் அது ரொம்பவே மாறுகிறது. இரண்டையும் பதிவு செய்து கேட்டு முடிவெடுப்பதே வழி.

மூணாவது மாடி | மே 15, வியாழன், மாலை 4:10

இன்று 3 மணிக்கே, அதே வெயிலில் ஒத்திகை பார்த்தேன். `zoom.us/test` போனால் பேசியதைத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறது. வேட்டி, ரஜாய், இயர்போன், எல்லாம் போட்டுப் பேசினேன். கிணறு போய்விட்டது. படம் கேமராவே மாறியது போல் இருக்கிறது, கையை ஆட்டினாலும் வால் இல்லை. ஒரே ஒரு சந்தேகம்: நான் பேசாமல் இருக்கும்போது ஃபேன் சத்தம் மெதுவாக மேலே ஏறி, பேச ஆரம்பித்ததும் சட்டென்று இறங்குகிறது. நான் பதிவு செய்ததில் கேட்டேன்.

ஒலிப்பெட்டி | மே 15, மாலை 5:00

எதில் பதிவு செய்தீர்கள்? விண்டோஸ் ரெக்கார்டரிலா, ஜூமிலா?

மூணாவது மாடி | மே 15, மாலை 5:04

ஜூமில் சார். கூட்டம் ஒன்று தனியாகத் தொடங்கிப் பதிவு செய்தேன்.

ஒலிப்பெட்டி | மே 15, மாலை 5:25

அப்படியென்றால் ஜூமே மைக் அளவை ஏற்றி இறக்குகிறது. நீங்கள் மௌனமானால் குரல் சின்னதாகிவிட்டது என்று எண்ணி அளவைக் கூட்டுகிறது, ஃபேன் மேலே வருகிறது. ஆடியோ அமைப்பில் `Automatically adjust microphone volume` என்பதன் டிக்கை எடுத்துவிட்டு, நேற்று பார்த்த முக்கால்வாசிக் கணக்கில் அளவைக் கையால் நிறுத்துங்கள். எடுத்த பிறகு நாற்காலியில் பின்னால் சாய்ந்தால் குரல் குறையும் என்பது நினைவிருக்கட்டும். ஆனால் உங்கள் மைக் சட்டையிலேயே இருக்கிறது, நீங்கள் சாய்ந்தால் அதுவும் கூடவே வரும். மேஜை மைக் வைத்திருப்பவர்கள் அந்த டிக்கை எடுக்கலாமா என்பது வேறு கேள்வி, நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

வெளிச்சம் | மே 15, மாலை 6:15

போனையும் ஒரு மாற்றாகத் தயார் வையுங்கள். அதே ஜூம் இணைப்பைப் போனில் திறந்து, மைக்கை மூடி, கேமராவை மூடி வைத்திருங்கள். கரண்ட் போனால் வீட்டு மோடம் அணைந்துவிடும், லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் இணைப்பு போய்விடும். போன் வைஃபையில் இல்லாமல் மொபைல் டேட்டாவில் இருக்கட்டும். மாறும்போது லேப்டாப்பில் ஆடியோவை முதலில் துண்டிக்க வேண்டும், இரண்டிலும் மைக் திறந்தால் வீல் என்று ஊளையிடும்.

ராயபுரம் ராக்கெட் | மே 15, இரவு 8:45

ஒயர் இயர்போனை அந்தப் போனுக்கு எப்படி மாத்துவ, அதுல 3.5 துளையே இல்லைன்னா?

வெளிச்சம் | மே 15, இரவு 9:10

நல்ல கேள்வி. அந்த நேரத்தில் இயர்போன் வேண்டாம், போனை நேரே எடுத்து ஒரு அடிக்குள் வைத்துப் பேசலாம், போனின் மைக் அந்தத் தூரத்துக்கு நன்றாகவே இருக்கும். சி-வகைத் துளையிலிருந்து 3.5-க்கு மாற்றும் சின்ன ஒயர் வாங்குவதானால் கவனமாக வாங்குங்கள். சிலவற்றில் உள்ளே ஒலி மாற்றும் சில்லு இருக்காது, அவை எல்லாப் போனிலும் வேலை செய்யாது. கடையிலேயே உங்கள் போனில் மாட்டி, ஒரு அழைப்பு போட்டு, எதிர்முனைக்குக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். காதில் பாட்டு கேட்டால் போதாது, மைக் வேலை செய்கிறதா என்பது அழைப்பில்தான் தெரியும்.